நொடிக்கு ஒரு முழம்

காமிரா ஓடத் தொடங்கியது முதல் நிற்பது வரை பதிவாகும் ஒரு துண்டைத் திரைத்துறையினர் ‘ஷாட்’ என்பர். அந்த ஷாட்டு திரையில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைப் படப்பிடிப்பின்போது யாரும் முடிவு செய்வதில்லை; படத்தொகுப்பாளரின் மேசையிலேதான் அது முடிவாகிறது. முன்னாளில் அந்த முடிவு கையால் அளக்கக்கூடிய ஒன்றாக இருந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு படங்கள் அடங்கும். திரையில் நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் ஓடும். ஆகவே ஒரு நொடி என்பது ஒன்றரை அடி. ஒன்றரை அடியை நம்மவர் ஒரு முழம் என்பர். நொடிக்கு ஒரு முழம்! நெசவாளருக்கும் படத்தொகுப்பாளருக்கும் ஒரே அளவுகோல் வாய்த்திருந்தது என்று எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு.

இந்த எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சிறு படம். பாறசாலைப் பக்கத்து இளைஞர் சிலர், எங்கள் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரத்துச் சாலியர் தெருவைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தனர். திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியேற்றிய நெசவாளரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். வீட்டுக்குள் அவர்கள் பேச்சு இன்றும் தமிழே. மாலை நேரங்களில் அலுவலகம் விட்டு வந்து, தொகுப்பு மேசையருகே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பை அவ்விளைஞர்கள் எனக்கு அளித்தனர். திரைப்படச் சங்கங்களில் நெடுநாள் படம் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

முதல் தொகுப்பில் ஷாட்டுகள் அனைத்தும் மூன்று அல்லது நான்கு நொடியில் வெட்டப்பட்டிருந்தன. விளம்பரப் படங்களைப் பார்த்துப் பழகிய கை அப்படித்தான் வெட்டும். படத்தில் வரும் முதிய நெசவாளரையே அழைத்து அதைப் போட்டுக் காட்டினர். அவர் முழுவதும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா நாங்க தறியில இருந்ததே தெரியலியே. துணி தானா வந்த மாதிரியில்லா இருக்கு?” என்றார். தொகுத்த இளைஞன், “பாட்டா, நிறைய நேரம் வச்சா ஆளுக எந்திரிச்சுப் போயிருவாங்க” என்றான். இருவர் சொன்னதும் உண்மையே. ஆட்கள் எழுந்து போகாமலும், உழைப்பு மறைந்து போகாமலும் ஒவ்வொரு ஷாட்டையும் எத்தனை நொடி நிறுத்தலாம் என்பதே அதன்பின் பல மாலைகளின் வேலையாயிற்று.

படத்தின் முதல் ஷாட்டு, விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருக்கும் காட்சி. நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சி தோய்த்து, இருபுறமும் ஆட்கள் தூரிகையால் நீவிக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டிய வேலை. தெருமுனையிலிருந்து எடுத்த அகன்ற காட்சி நான்கு நொடியில் மறைந்தது. பார்த்தவரிடம் என்ன கண்டீர் என்று கேட்டால், “ஏதோ வெள்ளையாக நீண்டு கிடந்தது” என்றே சொன்னார்.

தொலைவும் நேரமும் எப்படித் தொடர்புடையவை என்பதை நான் நாள்தோறும் இரயிலில் காண்கிறேன். பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம், அமரவிளை வழியாக வண்டி போகையில், பாதையோரத்துப் பனை கண்ணுக்குப் பட்ட கணமே பின்னே போய்விடுகிறது. ஆனால் ‘பனை’ என்று அறிந்துகொள்ள அந்தக் கணமே போதும். கிழக்கே தெரியும் மலைத்தொடரோ நெடுநேரம் உடன்வருகிறது. அதன் மடிப்புகளைக் கண் தடவி முடிக்க அந்த நேரம் வேண்டும். திரையிலும் அவ்வாறே. அண்மைக் காட்சியில் ஒரு பொருள்தான் உண்டு. இரண்டு மூன்று நொடியில் கண் அதை வாங்கிக்கொள்ளும். அகன்ற காட்சியில் கண் முதலில் வழி தேடுகிறது. பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பயணம் செய்கிறது. இறுதியில் முழுவதையும் ஒன்றாகக் காண்கிறது.

1935-இல் ‘திரைப்பட இலக்கணம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் நூல் எழுதிய ரேமண்ட் ஸ்பாட்டிஸ்வுட், இதை ஒரு வளைகோடாக விளக்கினார். ஷாட்டு தொடங்கியதும் பார்ப்பவரின் கிரகிப்பு ஏறுகிறது, ஓர் உச்சத்தை அடைகிறது, பின்னர் இறங்குகிறது. உச்சத்திலோ அதை ஒட்டியோ வெட்டவேண்டும். ஏறும்போதே வெட்டினால் குழப்பம். வெகுவாக இறங்கியபின் வெட்டினால் சலிப்பு. படத்தை முன்பின் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, அவர் கண்களைப் பார்த்திருந்தால் இந்த உச்சம் புலப்படும். பாவுக் காட்சியில் அவர் பார்வை அருகில் நின்ற ஆளிடம் தொடங்கி, நூலைப் பின்பற்றித் தெருக்கோடிவரை சென்று, அங்கே நடந்து வரும் மற்றொருவரைக் கண்டு மீண்டது. அது பதினோராம் நொடி. அந்த ஷாட்டுக்குப் பதின்மூன்று நொடி கொடுக்கப்பட்டது.

தறிக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. குழித்தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை எறிகிறது, அச்சு வந்து ஊடிழையை அடிக்கிறது. எங்கள் பதிவில் இம்மூன்றும் சேர ஏறத்தாழ இரண்டு நொடியாயிற்று. இப்படித் தனக்கென ஒரு தாளம் உள்ள செயலை நொடியால் அளப்பதைவிட அதன் சுற்றால் அளப்பதே முறை. முதற் சுற்றில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டாம் சுற்றில் தெரியும். மூன்றாம் சுற்றில், தெரிந்ததை எதிர்பார்த்து அது நிகழக் காணும் இன்பம் உண்டு. அச்சு அடித்து முடித்த கணத்தில் வெட்டினால் மூன்று சுற்றுக்கு ஆறு நொடி. முதல் தொகுப்பில் நாடா பாதி வழியில் பறக்கும்போதே வெட்டியிருந்தார்கள். தாளம் தப்பிய மேளம் போல அது காதில்கூட உறுத்தியது.

இதே தறியின் ஷாட்டு ஒன்று படத்தின் பிற்பகுதியில் மீண்டும் வருகிறது. அங்கே அது நாற்பது நொடி நிற்கிறது. ஏழாம் எட்டாம் சுற்றில் பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டுகிறது. வேண்டுமென்றே தட்டவிடப்பட்ட சலிப்பு அது. பதினைந்தாம் சுற்றளவில் கண் நாடாவை விட்டு முதியவரின் தோளுக்கும், வியர்த்த முதுகுக்கும் போகிறது. புதிதாகக் காண ஒன்று எஞ்சியிருக்கும்வரை சலிப்பைக் கடந்து செல்ல முடியும். அவ்வாறு எஞ்சியது இல்லாத ஷாட்டை நீட்டுவது வீண். கலைப்படம் என்ற பெயரில் சுவரைக் காட்டிக்கொண்டே இருக்கும் படங்கள் சிலவற்றை நான் பொறுமையோடு பார்த்திருக்கிறேன். பொறுமைக்கு மேல் அவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.

முகம் இன்னும் கடினம். முதியவர் தம் மக்கள் யாரும் தறியில் அமரவில்லை என்று சொல்கிறார். சொல் முடிந்ததும் படம் வெட்டப்பட்டிருந்தது. ஆகவே அது செய்தியாக மட்டும் நின்றது. பேச்சு முடிந்தபின் மூல ஒளிப்பதிவில் பன்னிரண்டு நொடி மௌனம் இருந்தது. அதில் முதல் இரண்டு நொடி அவர் அசையவில்லை. மூன்றாம் நொடியில் பார்வை தறியின்மேல் விழுந்தது. ஐந்தாம் நொடிக்குப் பிறகு அவர் நிமிர்ந்து, ‘போதுமா?’ என்பதுபோல் காமிராவைப் பார்த்தார். அந்தப் பார்வை வந்தபின் அவர் துயரம் நமக்குக் காட்டப்படும் பொருளாகிவிடுகிறது. ஆகவே ஐந்தாம் நொடியில், அவர் தலை நிமிரத் தொடங்குமுன் வெட்டினார்கள்.

செயல் முடிந்தபின் நீளும் நேரத்தின் ஆற்றலை அடூர் கோபாலகிருஷ்ணன் ‘எலிப்பத்தாயம்’ படத்தில் (1981) காணலாம். கரமனை ஜனார்த்தனன் நாயர் ஏற்ற உண்ணி என்னும் பாத்திரம் குடையோடு வெளியே புறப்படுகிறது. வழியில் சேற்று நீர் தேங்கியிருக்கிறது. தாண்ட மனம் வராமல் திரும்பிவிடுகிறது. உண்ணி நீரைப் பார்த்தவுடன் வெட்டித் திரும்பும் உண்ணியைக் காட்டினால் அது நகைச்சுவைத் துணுக்காகும். தயங்குவதற்கு அவனுக்கு நேரம் கொடுக்கப்படுவதால், தயக்கமே அவன் இயல்பு என்று அறிகிறோம். தயக்கம், காத்திருப்பு, களைப்பு ஆகியவை காலத்தாலேயே ஆனவை. அவற்றைச் சுருக்கிச் சொன்னால் அவை இல்லாமற் போகின்றன.

அவசரம் அதற்கு நேர்மாறு. படப்பிடிப்பின் இரண்டாம் நாள், பாவு பாதி காய்ந்திருக்கையில் தூறல் விழுந்தது. கஞ்சி கரைந்தால் உழைப்பு பாழ். தெருவே ஓடிவந்து பாவைச் சுருட்டியது. இக்காட்சியில் ஷாட்டுகள் மூன்று நொடியில் தொடங்கி, இரண்டு, ஒன்றரை, ஒன்று எனக் குறுகின்றன. முதலில் அகன்ற காட்சிகளையே இப்படிக் குறுக்கிப் பார்த்தார்கள். படபடப்பு வரவில்லை, கண்வலிதான் வந்தது. ஒரு நொடியில் படிக்கக்கூடியது ஒரே பொருள், ஒரே திசை: முடிச்சை அவிழ்க்கும் விரல், ஓடும் கால், நூலில் விழும் துளி. அவ்வாறு மாற்றியபின் காட்சி விறுவிறுத்தது. அதன் முடிவில் வெறிச்சோடிய ஈரத் தெரு ஒன்பது நொடி நிற்கிறது. ஒரு நொடித் துண்டுகளுக்குப் பின்னால் வருவதால் அந்த ஒன்பது நொடி மிக நீளமாகத் தோன்றுகிறது. அதையே பாவுக் காட்சிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தபோது சாதாரணமாக இருந்தது. நீளம் என்பது முன்னால் வந்ததைப் பொறுத்தது.

கணினியின் சிறு திரையில் சரியாகப் பட்டது கூடத்தின் சுவரில் வேறாகப் பட்டது. பெரிய திரையில் கண் பயணம் செய்யும் தூரம் மிகுதி. ஆதலால் மேசையில் நீளமாகத் தெரிந்த பாவுக் காட்சி சுவரில் இன்னும் சற்று வேண்டும் என்றது. மேலும், ஒரு ஷாட்டை ஐம்பது முறை பார்த்த தொகுப்பாளனுக்கு எல்லாமே நீளமாகத்தான் தோன்றும். பத்து நாள் படத்தைத் தொடாமல் வைத்துவிட்டுப் பிறகு பார்த்ததில், அவன் முன்பு வெட்டி எறிந்த நான்கு இடங்களைத் தானே மீட்டு வைத்தான்.

எஞ்சியது எழுத்துகள். எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தலைப்பும் மலையாளத்திலும் தமிழிலும் வந்தது. எழுத்தை நிறுத்தும் நேரத்துக்குத் தொகுப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: நிதானமாக இரண்டுமுறை வாய்விட்டுப் படிக்கும் அளவு நிறுத்துவது. யார் படிப்பது என்பதுதான் இங்கே கேள்வி. மலையாளப் பள்ளியில் பயின்று, தமிழை வீட்டில் எழுத்துக்கூட்டிக் கற்றவர்கள் இங்கே பலர். தொகுத்த இளைஞன் இரண்டுமுறை படித்தபோது ஐந்து நொடி ஆயிற்று. முதியவரின் பேத்தி தமிழ் வரியை ஒருமுறை படிக்கவே ஏழு நொடி ஆயிற்று. தலைப்புகளுக்கு எட்டு நொடி என்று முடிவாயிற்று. படம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடமாக வளர்ந்தது. அடுத்த காட்சியில் அச்சிறுமி முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.