நின்றால் விழும் அடி

கோடை விடுமுறையில் என் மகன் கணினியில் ஒரு சிறு அசைவூட்டப் படத்தை வரைந்துகொண்டிருந்தான். இருவர் சண்டையிடும் ஒரே ஒரு நொடிக் காட்சி அது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். கையைப் பின்னே இழுக்கப் பத்து, முட்டி பாய இரண்டு, முகத்தைத் தொட ஒன்று, அடிபட்டவன் சரிய எஞ்சிய பதினொன்று எனப் பிரித்திருந்தான். ஓட்டிப் பார்த்தபோது அது குத்தாகத் தோன்றவில்லை. கன்னத்தைத் தடவியதுபோல் இருந்தது.

“இன்னும் வேகமாக்கு” என்றேன். அவன் பாயும் சட்டகங்களுள் ஒன்றை நீக்கினான். குத்து மேலும் மெலிந்தது. என் அறிவுரை பிழையென்பது பிறகே விளங்கியது. முட்டி முகத்தைத் தொடும் படம் திரையில் இருந்தது ஒரு நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கே. கண் அதைப் பற்றுமுன் அடிபட்டவன் சரியத் தொடங்கிவிட்டான். குறைந்தது வேகமன்று, நிறுத்தம்.

நீக்கியதை மீண்டும் சேர்த்துவிட்டு, முட்டி கன்னத்தில் அழுந்திய படத்தை நான்கு சட்டகங்களுக்கு அசையாமல் நிறுத்தினான். இதனை அடி நிறுத்தம் என்பர். அதற்கு முன் ஒரே ஒரு மோதல் சட்டகத்தைச் செருகினான். அதில் பின்னணி முழுதும் கருமை, உருவங்கள் வெண்கோடுகள், தொட்ட இடத்திலிருந்து கூரிய கீற்றுகள் சிதறின. ‘டம்’ என்னும் ஒலியையும் அந்தச் சட்டகத்திலேயே தொடங்கவைத்தான். நிறுத்தம் முடிந்த அடுத்த சட்டகத்திலேயே அடிபட்டவன் வெகுதூரம் எறியப்பட்டிருந்தான். இம்முறை நான் என்னையறியாமல் தலையைப் பின்வாங்கினேன். தேங்கிய விசை திடீரென விடுபட்டதாக மனம் கொண்டதே அதற்குக் காரணம்.

நிறுத்தத்திற்கும் அளவுண்டு. அவன் அதைப் பன்னிரண்டு சட்டகங்களாக நீட்டியபோது படம் பழுதாகி நின்றுவிட்டதோ என்று ஐயுற்றேன். தொடுவதற்கு ஒரு சட்டகம் முன்னரே நிறுத்தியபோது முட்டி காற்றில் தயங்கியது. எல்லாக் குத்துகளுக்கும் நிறுத்தம் கொடுத்தபோது எதுவுமே வலிக்கவில்லை. இறுதிக் குத்துக்கு மட்டும் கொடுத்தபோது வலித்தது.

ஆர்வம் மிகுந்து, கருமையும் வெண்மையும் மாறிமாறி மின்னும் சட்டகங்களை அடுக்கினான். என் கண்கள் கூசின. 1997ஆம் ஆண்டு ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மின்னியதால், நூற்றுக்கணக்கான சிறுவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அச்செய்தியை அவனிடம் கூறினேன். அவன் ஒன்றும் பேசாமல் அடுக்கியவற்றை அழித்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்தான்.

மீண்டும் ஓட்டினோம். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.