ஒரு கப் லாத்தேயின் அசல் விலை

பாயா ரும்புட்டில் சின்ன காப்பிக் கடை போட நினைக்கும் தம்பிக்கு நேற்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

கொட்டை கிலோ 72 வெள்ளி. ஒரு கப்புக்கு 18 கிராம் என்றால் 1.30. பால் லிட்டர் 7.50, 200 மில்லிக்கு 1.50. கப், மூடி, ஸ்ட்ரா 50 காசு. ஆக 3.30 என்று தம்பி எழுதிவிட்டார்.

கொட்டுவதை யார் எழுதுவது? காலையில் அரவை சரியாகும்வரை மூன்று ஷாட்டாவது சிங்க்கில்தான் போகும். அது 3.90 வெள்ளி. நாளுக்கு 30 கப் விற்றால் கப்புக்கு 13 காசு ஏறும். மழை நாளில் 10 கப்தான் என்றால் 39 காசு! நுரைத்த பாலில் ஜக்கின் அடியில் 40 மில்லி மிஞ்சும். திரும்பச் சூடாக்கினால் நுரை சரியாக வராது, ருசியும் கெடும். அது இன்னொரு 30 காசு. ஆக, நல்ல நாளிலேயே அசல் 3.73. வாடகை, சம்பளம், கரண்டு இதில் இல்லை.

வீணாவதைக் கண்டுபிடிக்க, கடை திறக்கும்போதும் மூடும்போதும் கொட்டையை நிறுத்து, குறைந்ததை விற்ற கப்பால் வகுங்கள். 30 கப் விற்ற நாளில் 20 கிராமைத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது. பால் ஜக்கைச் சின்னதாக மாற்றுங்கள். பக்கத்துக் கடை விலையைப் பார்த்து மெனு அடிக்காதீர்கள்.