மெல்லிய சுவரும் விளிம்பு வளைவும்

கூர்மையான விளிம்பை வட்ட வில்லாக மழுக்குவதைக் கணினி வரைவில் ஃபில்லெட் என்பர். விளிம்பின் இருபுறமும் உள்ள முகங்களை ஒருசேரத் தொட்டபடி ஒரு பந்து உருண்டு செல்வதாகக் கொண்டு, அது தொடும் கோடுகள் வரை முகங்களை வெட்டி, இடையே வளைபரப்பை நிரப்புவதே இதன் கணக்கு. முகங்கள் செங்கோணத்தில் சந்திக்குமானால், தொடும் கோடு விளிம்பிலிருந்து பந்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி விழும். ஆகவே வளைவுக்குத் தேவையானது விளிம்பு மட்டுமன்று, அதையடுத்த முகத்தில் போதிய இடமும் ஆகும்.

மூடியில்லாத ஒரு பெட்டியின் சுவர் 2 மி.மீ. தடிப்புடையது என்க. அதன் மேல்வாயில் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் 1 மி.மீ. ஆரம் கொடுத்தால், இரு வளைவுகளும் சுவரின் நடுக்கோட்டில் முட்டி, இடையிலிருந்த தட்டையான முகம் முழுவதும் மறைந்துவிடும். ஃப்ரீகேட் மென்பொருளின் வடிவக் கணக்கைச் செய்யும் ஓப்பன் காஸ்கேட் உட்கரு, இவ்வாறு முகம் முற்றிலும் அழியும் நிலையைப் பெரும்பாலும் தாங்குவதில்லை; `BRep_API: command not done` என்னும் பிழைச் செய்தி அப்போது தோன்றலாம். விளிம்புகளைத் தனித்தனியே மழுக்கும்போது வெற்றியும் சேர்த்து மழுக்கும்போது தோல்வியும் கிடைப்பது இக்காரணத்தைக் காட்டும் அடையாளமாகும். ஆரத்தை 0.95 மி.மீ. ஆக்கினால் 0.1 மி.மீ. அகலப் பட்டை எஞ்சி, வேலை நிறைவேறும்; 0.4 மி.மீ. முனைத்துளையுள்ள முப்பரிமாண அச்சுப்பொறியில் அப்பட்டை கண்ணுக்குப் புலப்படாது. முழு அரைவட்டமே வேண்டுமெனில், அதைச் சுவரின் குறுக்குவெட்டிலேயே வரைந்து வாயைச் சுற்றி இழுத்துச் செல்வது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது உள்மூலை. அதே பெட்டியின் வெளிமூலை ஆரம் 3 மி.மீ. ஆக இருந்தால், சுவர் 2 மி.மீ. ஐ எடுத்துக்கொள்வதால், உள்மூலைக்கு 1 மி.மீ. மட்டுமே எஞ்சுகிறது. அடித்தளமும் உட்சுவரும் சேரும் விளிம்பில் 2 மி.மீ. வளைவு கேட்டால், நேரான பகுதிகளில் தடையின்றி உருளும் பந்து அம்மூலைக்குள் நுழைய முடியாமல் நின்றுவிடுகிறது. அவ்வளைவு இன்றியமையாததாயின், வெளிமூலையின் ஆரத்தை 4 மி.மீ. க்கு மேல் உயர்த்த வேண்டும். இல்லையேல் அடிவளைவை 1 மி.மீ. க்குள் நிறுத்த வேண்டும்.

இவ்விரு காரணங்களையும் பிரித்தறியுமுன், ஆரத்தை 0.1 மி.மீ. ஆகக் குறைத்துப் பார்ப்பது பயன் தரும். அப்போது வளைவு உருவானால் குறை இடப்பற்றாக்குறையே என்று கொண்டு, ஆரத்தைப் படிப்படியாக உயர்த்தி, எந்த அளவில் எந்த முகம் தீர்ந்துபோகிறது என்று காணலாம். அதிலும் தோல்வியுற்றால், முந்தைய வெட்டுகளும் இணைப்புகளும் விட்டுச்சென்ற நுண்ணிய விளிம்புத் துண்டோ பழுதான முகமோ இருக்கக்கூடும் என்பதால், `Part` பணிமேடையிலுள்ள `Check Geometry` கருவியால் திண்மத்தைச் சோதிப்பதே முறை.