அடுத்த குவார்ட்டர் எப்போது?

மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் மேஜைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். "பட்ஜெட் அப்ரூவ் ஆனதும் அடுத்த குவார்ட்டர்ல கூப்பிடறோம்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் பொய்யாகச் சொன்னதில்லை. ஆனால் கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன கணக்குப் போடுவார் என்பது என் அக்கா மகள் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது.

அவள் நவம்பரில் இன்டர்வியூ போனது ஓர் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகத்துக்கு. எல்லாச் சுற்றும் நன்றாகவே போயின. கடைசியில் மேனேஜர் இதே வார்த்தைகளைச் சொன்னார். அடுத்த குவார்ட்டர் என்றால் ஜனவரிதானே என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். புத்தாண்டு முடிந்த கையோடு ஹெச்.ஆருக்கு ஒரு மெயில். பதில் இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கும் இல்லை. "கழற்றி விட்டுட்டாங்க மாமா" என்றாள் போனில்.

"அந்தக் கம்பெனிக்குக் கணக்கு வருஷம் எப்பம்மா ஆரம்பிக்குது?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்றவற்றுக்கு ஏப்ரலில் ஆண்டு பிறக்கும். காக்னிசன்ட்டுக்கு ஜனவரி, ஆரக்கிளுக்கு ஜூன், அக்சென்சருக்குச் செப்டம்பர். வால்மார்ட்டைப் போல அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் பலருக்கு பிப்ரவரி. கிறிஸ்துமஸ் விற்பனையும், அதன்பின் வாடிக்கையாளர் திருப்பித் தரும் சரக்கும் ஒரே ஆண்டுக் கணக்கில் அடங்க அது வசதி. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனமானால் ஆண்டறிக்கையிலேயே இது இருக்கும். எடுத்துப் பார்த்தோம், பிப்ரவரிதான். அவள் மெயில் அனுப்பிய நாட்களில் அந்த மேனேஜர் தன் ஒதுக்கீட்டைக் காப்பாற்ற நிதித்துறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

பிப்ரவரி முதல் தேதியே எழுதவா என்றாள். வேண்டாம் என்றேன். பட்ஜெட் ஒப்புதலாவதும் வேலை தயாராவதும் ஒன்றல்ல. பிரிவுக்கு இத்தனை பேர் என்று முதலில் எண்ணிக்கை இறங்கும். அதன்பின் மேனேஜர் ஒவ்வோர் இடத்துக்கும் ரெக்விசிஷன் போட வேண்டும். அதில் அவருடைய மேலதிகாரியும் நிதித்துறையும் கையெழுத்திட்ட பிறகுதான் ஹெச்.ஆர். ஆஃபர் பற்றி வாய் திறக்க முடியும். எங்கள் அலுவலகத்தில் இதற்கே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குமுன் கேட்டால், பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது.

மூன்றாவது வாரம் எழுதினாள். இந்தமுறை மேனேஜருக்கே, இன்டர்வியூ முடிந்து நன்றி சொன்ன பழைய மெயிலுக்குக் கீழேயே. எந்தத் தேதியில், எந்த வேலைக்குப் பேசினோம் என்று ஒரு வரி. அந்த இடத்துக்கு ஒப்புதல் கிடைத்ததா, இல்லையென்றால் எப்போது கேட்கலாம் என்று ஒரே கேள்வி. கூடவே ஒரு புதுச் செய்தி: 90 நாள் நோட்டீஸை 60 நாளாகக் குறைக்க அவள் அலுவலகம் சம்மதித்திருக்கிறது. அந்த வரிதான் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம். மார்ச்சில் ஆஃபர் கொடுத்து 90 நாள் காத்திருந்தால் ஆள் வர ஜூன் ஆகிவிடும். அதற்குள் ஒரு குவார்ட்டரே போய்விடும். ஆளில்லாமல் கிடக்கும் இடத்தை நிதித்துறை திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் எந்த மேனேஜருக்கும் உண்டு.

இரண்டே நாளில் பதில் வந்தது. கேட்ட இடங்களில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு ஒன்று உண்டு, ஆனால் பேசியதைவிட ஒரு படி கீழே. யோசித்துப் பேரம் பேசி ஒப்புக்கொண்டாள். ஆஃபர் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா கொடுத்தாள்.

இதே வாக்கியம் மரியாதையான மறுப்பாகவும் இருப்பதுண்டு. நிஜமாகவே எடுக்க நினைப்பவர் எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம் எல்லாம் துருவுவார், மாதத்தையும் சொல்வார். மழுப்புகிறவர் வாயிலிருந்து மாதம் வராது. அதனால் அந்த அறையிலேயே, "இந்த இடம் ஒப்புதல் ஆனதா, இனிமேல்தான் கேட்கப் போகிறீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. குவார்ட்டரின் பாதி தாண்டியும் இரண்டு மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கதவை மறந்துவிடலாம். நடுவில் வேறு ஆஃபர் வந்தால் மட்டும் உடனே, கெடு தேதியோடு எழுதலாம். வராத ஆஃபரை வந்ததாகச் சொன்னால், "சரி, அங்கேயே சேருங்கள்" என்று பதில் வரும். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

என்னைப் போன்ற மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள். இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றே காத்திருப்பவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். ஹெச்.ஆர். சொல்லிவிடுவார்கள் என்று நாம் இருந்துவிடுகிறோம். ரெக்விசிஷனே திறக்காதபோது அவர்கள் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது.