வாழ்த்தா, வேண்டலா? (மகன் திருமணத்திற்கு முதல்நாள் எழுதிய ஏடு)



சென்ற ஆண்டு என் மூத்த மகனுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், தமிழச்சி. எங்கள் வீட்டிலோ மூன்று தலைமுறையாக முருக வழிபாடு. திருமணத்திற்கு முதல்நாள் மாலை, நலங்கின்போது படிப்பதற்காக மகனுக்கு ஒரு வாழ்த்து எழுதினேன். ஒரு பக்கம்கூட நிறையாத அவ்வாழ்த்தை எழுத எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. ஏன் அத்துணை நாள் என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் திருமணம் எவ்வாறு அமைந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றேன். நம் நாட்டில் இசுலாமியரல்லாதார் திருமணங்கள் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகின்றன. அச்சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மணமக்கள் இருவரும் வெவ்வேறு சமயத்தவராக இருப்பதில் தடையில்லை. எவரும் மதம் மாற வேண்டியதுமில்லை. இசுலாமியரை மணப்பது வேறு சட்டத்திற்கு உட்பட்டது. அங்கே மதமாற்றம் தேவை. எங்கள் நிலை அதுவன்று.

ஆனால், பெண்வீட்டார் தேவாலயத்தில்தான் திருமணம் நடைபெற வேண்டும் என்றனர். திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் ஒருவர் மணப்பதென்றால் ஆயரிடமிருந்து விதிவிலக்குப் பெற வேண்டும். அதற்குமுன் மணமக்கள் இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குச் சென்றனர். பங்குத்தந்தையிடம் தனித்தனியே பேசினர். அங்கிருந்து திரும்பிய அன்றுதான் எங்கள் வீட்டில் புயல் வீசியது.

"பிள்ளைகள் பிறந்தால் திருமுழுக்குக் கொடுப்பது பற்றி ஒரு வாக்குறுதி இருக்கிறது, அப்பா" என்றான் மகன். அவன் முடிக்குமுன்னே நான் எழுந்து சென்றுவிட்டேன். பிறக்காத பேரப்பிள்ளைகளை என் மகன் எழுதிக் கொடுத்துவிட்டான் என்றே எண்ணினேன். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. என் தாயாரும் தம் பங்கிற்கு, "நாளைக்கு உனக்குக் கொள்ளி வைக்கிறது யாரு, ஐயா?" என்று கேட்டுக் கண்கலங்கினார்.

பின்னர் நானே சென்று பங்குத்தந்தையைப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். வாக்குறுதி கொடுப்பவர் கத்தோலிக்கராகிய மணமகள் மட்டுமே. தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன் என்றும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து அவ்வழியில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வேன் என்றும் அவர் சொல்கிறார். என் மகன் எதையும் வாக்களிப்பதில்லை. மணமகள் அவ்வாறு வாக்களித்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிவிக்கப்படுகிறது, அவ்வளவே. 1970க்கு முன்பு மற்றச் சமயத்தவரும் வாக்களிக்க வேண்டியிருந்ததாம்; அவ்வாண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். விதிவிலக்கு என்ற ஒன்று தேவைப்படுவதே என் மகன் இந்துவாகவே இருக்கப்போவதால்தான் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்கு வந்து, "கொள்ளி வைக்க உன் பேரன் இருக்கிறான், அம்மா" என்று தாயாரிடம் சொன்னேன். மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்றையும் பங்குத்தந்தை சொன்னார். தேவாலயத்தில் மணமக்கள் ஒப்புதல் அளித்தபின், அதே ஒப்புதலை வேறொரு சமயச் சடங்கில் மீண்டும் அளிக்கத் திருச்சபைச் சட்டம் இடந்தருவதில்லை. முன்னதாகச் செய்வதற்கும் அவ்வாறே. ஆகவே, கோயிலில் இன்னொரு முறை தாலிகட்டு என்பது இயலாது. தாலியைத் தேவாலயத்திலேயே ஆசீர்வதித்துக் கட்டுவது தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழக்கமாதலால், அதற்கு இரு வீட்டாரும் உடன்பட்டோம். நலங்கு திருமண ஒப்புதல் சடங்கன்று, அதற்குத் தடையில்லை. எனவே, எங்கள் வீட்டு முறைப்படி நான் மகனை வாழ்த்துவதற்கு எஞ்சியிருந்த இடம் அந்த முதல்நாள் மாலைப்பொழுது ஒன்றே. அதனால்தான் அவ்வாழ்த்தின்மீது அத்தனைப் பாரத்தையும் ஏற்றிவிட்டேன்.

முதல் படியை ஒரே இரவில் எழுதினேன். மறுநாள் மாலை, இடைநிலைப்பள்ளி மாணவர் சிலருக்கு வியங்கோள் வினைமுற்று கற்பிக்க நேர்ந்தது. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் நான்கு பொருளில் வியங்கோள் வரும் என்று பலகையில் எழுதினேன். 'வாழ்க' என்பது வாழ்த்து. 'ஒழிக' என்பது வைதல். 'செல்க' என்பது கட்டளை. 'அருள்க' என்பது வேண்டுதல். நான்கிற்கும் வடிவம் ஒன்றே. பொருளை இடம் பார்த்துத்தான் உணர வேண்டும். இதனைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சட்டைப்பையில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்தபின் பலகையில் நான்கு கட்டம் வரைந்து, நான் எழுதிய வாழ்த்தின் வரிகளை ஒவ்வொன்றாக அவற்றில் இட்டுப் பார்த்தேன்.

'எந்நாளும் குலதெய்வத்தை மறவாதிருப்பாயாக' என்பது முதல் வரி. வாழ்த்துப்போல் ஒலிக்கிறது. ஆனால், அது விதித்தல். மறந்தால் என்ன ஆகும் என்ற மிரட்டலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. உறவினர் முன்னிலையில் இதைப் படித்தால், மறுநாள் தேவாலயத்தில் நிற்கப்போகும் மகனுக்கு நான் கொடுப்பது கட்டளையேயன்றி வாழ்த்தன்று. அதனை அடித்தேன்.

'பிறக்கும் பிள்ளைகள் இரு சமயமும் அறிந்து, தாமே தெரிந்து வளர்க' என்பது இரண்டாவது. இது நியாயமான வரி என்றே பெருமைப்பட்டிருந்தேன். கட்டத்தில் இட்டுப் பார்த்தபோது இது வேண்டல் என்று தெரிந்தது. யாரை வேண்டுகிறேன்? மகனையன்று, மருமகளை. பிள்ளைகளைத் தம் வழியில் வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று தம் திருச்சபைக்கு வாக்களித்த பெண், மாமனார் ஊரறிய விடுத்த வேண்டுகோளை என்ன செய்வார்? ஒன்று வாக்குறுதியை நெகிழ்த்த வேண்டும். அல்லது நான் கேட்டதை மறுத்தவராக நிற்க வேண்டும். திருமணத்திற்கு முதல்நாளே அவரை அவ்விடத்தில் நிறுத்த எனக்கு உரிமையில்லை. இதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் கணவனும் மனைவியும். எனக்கு ஆசை உண்டென்றால், பிறிதொரு நாள் மகனிடம் தனியே சொல்லலாம். அவன் 'முடியாது' என்று சொல்லவும் அங்கே இடமிருக்கும். வாழ்த்துக்கு மறுமொழி சொல்ல முடியாதே! ஆகவே அதனையும் அடித்தேன்.

மூன்றாவது வரிதான் என்னை மிகுதியும் ஏமாற்றியது. 'எல்லாத் தெய்வமும் ஒன்றே என உணர்ந்து வாழ்க' என்று எழுதியிருந்தேன். இதில் யாருக்கு என்ன தடை என்று நீங்களும் கேட்கலாம். என் மனைவிதான் கேட்டாள்: "நமக்கு அது சரி. சம்பந்தி வீட்டில் அப்படியா நம்புகிறார்கள்?" உண்மைதான். எல்லாம் ஒன்றே என்பது என் சமயம் எனக்குத் தந்த கொள்கை. கிறித்துவை ஒருவரே மீட்பர் என்று நம்புகிறவருக்கு, 'உம் கடவுளும் என் கடவுள்களுள் ஒருவர்' என்று சொல்வதுபோல் அது படும். பெருந்தன்மை என்று நான் எண்ணியது, விருந்தினரை என் வீட்டுச் சட்டையை அணிந்துகொண்டு வரச் சொல்வதுபோல் இருந்தது. அதுவும் போயிற்று.

இனி யார் பெயரால் வாழ்த்துவது? 'இறைவன்' என்ற பொதுச்சொல்லை இரு சமயத்தாரும் ஆள்கின்றனர். அதையே எழுதிவிடலாம் என்றால், நான் எதையோ மறைப்பதாக என் மனம் உறுத்தியது. நாற்பது ஆண்டாக நான் 'முருகா' என்றழைத்தே வேண்டியவன். என் தாயார் இளவயதில் ஜூலை மாதந்தோறும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவிற்குச் சென்று மெழுகுவத்தி ஏற்றி வருவார். ஆயினும் வீடு திரும்பியதும் முருகனுக்கு விளக்கேற்றத் தவறியதில்லை. அங்கே சென்றதனால் இங்கே பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அதை நினைத்துப் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வந்தேன். என் தெய்வத்தின் பெயரை, 'நான் வணங்கும்' என்று என்னோடு சேர்த்தே சொல்வது. அவர்கள் வணங்க வேண்டியது யாரை என்று சொல்லாமல் விடுவது.

அடித்தவை போக மிஞ்சியவற்றைத் திருத்தி எழுதி மகனிடம் காட்டினேன். 'நீ நலமுடன் வாழ்வாயாக' என்றிருந்த இடத்தைப் பார்த்து, "எனக்கு மட்டுமா, அப்பா?" என்றான். ஐந்து வாரமாக மருமகளை ஒரு வரியில்கூட நான் வாழ்த்தவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். நன்னூலார் எல்லா இடத்திற்கும் எல்லாப் பாலுக்கும் உரியதாக்கினார். 'வாழ்க' என்ற ஒரு சொல் ஒருவருக்கும் பொருந்தும், இருவருக்கும் பொருந்தும். 'நீ' என்பதை நீக்கினேன். இறுதியாக அமைந்த வாழ்த்து இதுதான்:

'அன்பு மகனுக்கும், நாளை முதல் எம் மகளாகும் மணமகளுக்கும்.

நான் வணங்கும் முருகனை வேண்டி, நான் அறிந்த வழியில் வாழ்த்துகின்றேன். இல்லம் அமைதியாய் இருக்க. ஒருவர் தொழும் வேளையில் மற்றவர் கதவை மெல்லச் சாத்துக. உண்ணும் நேரம் ஒன்றாய் அமைக. சினம் ஒரு நாளைத் தாண்டாதொழிக. நோயில் ஒருவர்க்கொருவர் துணை நிற்க. பிள்ளைகள் வந்தால் நலமுடன் வருக. அவர்தம் மழலையில் எங்கள் பெயரும் இருக்க. எங்கள் வீட்டுக் கதவு இருவர்க்கும் என்றும் திறந்தே கிடக்க. நீடு வாழ்க.

அப்பா.'

படிக்க இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. நலங்கு வைத்த பெண்கள் சந்தனக் கையோடு நின்று கேட்டனர். சம்பந்தியும் வந்திருந்தார். படித்து முடித்ததும் தாளை மடித்து மகன் கையில் கொடுத்தேன். 'கதவை மெல்லச் சாத்துக' என்பதும் கட்டளைதானே என்று நம் வாசகர் எவரேனும் கேட்பின், ஆம், அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். ஆசிரியர் தொழில் முழுவதுமாக விடுவதில்லை.

தேவாலயத்துத் திருமணம் மறுநாள் நன்கு நடந்தேறியது. சில வாரங்கள் கழித்து மருமகள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, அந்தத் தாளை எங்கப்பா ஒரு பிரதி கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கொடுக்கச் சொன்னேன். திருமுழுக்கைப் பற்றி அவர்கள் இருவரும் இன்னும் என்ன முடிவெடுத்திருக்கின்றனர் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

பிள்ளைக்கு வாழ்த்து எழுத அமரும் பெற்றோர்க்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றே. எழுதி முடித்தபின் நான்கு கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு வரியும் எதில் விழுகிறது என்று பாருங்கள். வாழ்த்துக் கட்டத்தில் விழாதவற்றைச் சொல்ல வேறு நாள் இருக்கிறது.

அன்புடன்,
ஓர் ஆசிரியத் தந்தை