முதற்கடவுச்சொல்

செய்யாத குற்றத்திற்காக ஒரு மாணவனை வகுப்பின் முன் தலைகுனிய வைத்தவன் நான். அதற்கு வழிவகுத்தது என் கையாலேயே கத்தரித்த ஒரு துண்டுத் தாள்.

2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நம் கல்வியமைச்சு ‘டெலிமா’ என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. அதில் மாணவர் கணக்குகளை உருவாக்குவது அமைச்சின் பணி. `m-` என்று தொடங்கி `moe-dl.edu.my` என்று முடியும் முகவரியை மாணவரிடம் சேர்ப்பதே நம் பணி. ஆனால், ஜொகூரில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில், மாலை வகுப்பிற்கெனக் கூகுளின் கல்விச் சேவையில் தனியிடம் ஒன்றும் வைத்திருந்தோம். அங்கே ஆறாம் ஆண்டு மாணவர் 28 பேருக்கும் நானே கணக்குத் திறக்க வேண்டியிருந்தது.

முதற்கடவுச்சொல்லாக மைகிட் அட்டை எண்ணைக் கொடுத்துவிடலாம் என்றார் ஓர் இளம் ஆசிரியை. மாணவர்க்கு மனப்பாடமான எண்தான். ஆயினும் சற்றே எண்ணிப் பாருங்கள். அதன் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த நாள். பிறந்தநாள் மிட்டாய் உண்ட தோழர் அனைவரும் அதை அறிவர். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தின் குறி. ஜொகூருக்குப் பெரும்பாலும் 01. எஞ்சிய நான்கில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஆகவே மறைவாக நிற்பவை 5,000 எண்களே. அதுவும் பெயர்ப்பட்டியலை எட்டிப் பார்க்க முடியாதவனுக்குத்தான்!

எனவே ஒவ்வொருவருக்கும் `kasut-47-limau` என்பது போல் இரு மலாய்ச் சொற்களும் ஓர் எண்ணும் சேர்த்து வெவ்வேறு கடவுச்சொல் அமைத்தேன். கணக்குகளை ஒரே அட்டவணையாக ஏற்றும்போது `Change Password at Next Sign-In` என்னும் பத்தியில் அனைவருக்கும் `TRUE` என்று இட்டேன். அவ்வாறு இட்டால், மாணவர் முதன்முறை நுழைந்ததும் புதிய சொல்லை அமைக்காமல் அப்பால் செல்ல இயலாது. துண்டுத் தாள்களை மேசைதோறும் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

சில நாள்களில், ஒரு மாணவியை இழித்துரைக்கும் செய்தி வகுப்புப் பக்கத்தில் வந்தது. செய்தியின் மேல் ஒரு சிறுவனின் பெயர். அவனை எழுப்பிக் கடிந்தேன். “ஐயா, நான் இன்னும் அதைத் திறக்கவே இல்லை” என்றான் அவன். நான் நம்பவில்லை.

அன்றிரவு நிர்வாகப் பக்கத்தில் நுழைவுப் பதிவுகளைப் பார்த்தேன். அவன் கணக்கு முதலில் திறக்கப்பட்டது, துண்டுத் தாள் கொடுத்த அதே நாள் காலை மணி 10.20க்கு. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அன்று அவன் காய்ச்சலால் வரவில்லை. அவனது தாள் ஆளில்லாத மேசையில் கிடந்திருக்கிறது, எடுத்தவன் நுழைந்திருக்கிறான். மாற்றியே ஆக வேண்டும் என்று நான் வைத்த கட்டளைப்படி புதிய கடவுச்சொல்லை அமைத்தவனும் அவனே. காவலென்று நான் நம்பிய ஏற்பாடே உரியவனை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. கடவுச்சொல் மாற்றப்பட்டது என்பதை அவ்வேற்பாடு உறுதிசெய்யும். மாற்றியவர் யார் என்பதை அது அறியாது. அதை அறிய வேண்டியவர் ஆசிரியரே.

அதன்பின் என் முறை மாறியது. தாளை மேசையில் வைப்பதில்லை. கணினி அறையில் முகம் பார்த்துக் கையில் கொடுப்பேன். மாணவர் புதிய சொல்லை அமைத்து, வெளியேறி, அச்சொல்லாலேயே மீண்டும் நுழைந்து காட்டிய பிறகு தாளைத் திரும்பப் பெற்றுக் கிழித்துவிடுவேன். இரண்டாம் நுழைவு இன்றியமையாதது. தட்டச்சிட்டதை அப்போதே மறந்த பிள்ளைகள் அதில்தான் தெரிய வருவர். வராதோரின் கணக்குகளை அவர்கள் வரும்வரை இடைநிறுத்தி வைப்பேன். மறந்தவருக்கு மீண்டும் ஒரு புதிய தற்காலிகச் சொல். பழைய தாளுக்கு மறுவாழ்வு இல்லை.

வகுப்பு முடிந்ததும் பயனர் பட்டியலின் கடைசி நுழைவுப் பத்தியை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுவேன். வந்திருந்தும் `Never logged in` என்றிருந்தால், அக்கணக்கில் இன்னும் நான் கொடுத்த சொல்லே இருக்கிறது. வராதவர் பெயருக்கு எதிரே நுழைவு நேரம் இருந்தால், வேறொருவர் கை பட்டிருக்கிறது. ஆயினும் மாணவர் தம் புதிய சொல்லைத் தோழனிடம் கூறிவிட்டால் எந்தப் பட்டியலும் அதைக் காட்டாது.

மறுநாள் அதே வகுப்பின் முன் நின்று அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அவனைக் கணினியின் முன் அமர்த்தினேன். புதிய சொல்லைத் தட்டச்சிடுமுன், அவன் இடக்கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.