மேசையோரத்து மூன்று நிமிடங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்பின் கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போவது விளையாட்டுப் பாடவேளைதான். எங்கள் பள்ளியில் அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. உடற்கல்வி ஆசிரியர் சண்டைக்குப் போகவில்லை. பறிபோன 40 நிமிடங்களுக்கு ஈடாக, ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் 3 நிமிடங்களைக் கேட்டு வாங்கினார். அதே வகுப்பில் தமிழ் நடத்துபவன் என்ற முறையில் அந்த நிமிடங்களை அருகிருந்து பார்த்துவருகிறேன்.

மேசையோடு இணைந்த பெஞ்சில் மூன்று பேர். நடுவிலிருப்பவன் வெளியே வர வழியில்லை. ஆகவே எல்லாம் நின்ற இடத்திலேயே. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி இறக்குவது முதலில், 15 முறை. நெடுநேரம் அமர்ந்திருந்தால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அது மேலே தள்ளப்படுகிறது. பிறகு தோள்பட்டைகளைப் பின்னோக்கி நெருக்கி 5 நொடி. அதன்பின் எழுதும் கையை நீட்டி, மறுகையால் விரல்களைப் பின்னுக்கு வளைத்து 15 நொடி. கழுத்தைச் சுழற்றும் பயிற்சியை அவர் சேர்க்கவில்லை. பிள்ளைகள் அதை வேகமாகச் செய்வார்கள், தலைசுற்றும் என்பது அவர் கணிப்பு.

மூச்சுப் பயிற்சியைக் கடைசியில் வைத்ததன் காரணம் ஒரு மாதிரித் தேர்வு நாளில் புரிந்தது. ஒரு மாணவிக்கு விரல்நுனிகள் மரமரத்தன, உதடு மரத்தது. சுற்றி நின்றவர்கள் "நல்லா இழுத்து மூச்சு விடுடி" என்றார்கள். அவள் இழுக்க இழுக்க நடுக்கம் கூடியது. ஆசிரியர் வந்து, மார்பு வலிக்கிறதா, ஆஸ்துமா உண்டா என்று முதலில் கேட்டார். இரண்டும் இல்லை. "நிறைய இழுக்காதேம்மா. மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக எடு, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடு" என்று கூடவே எண்ணினார். சில நிமிடங்களில் விரல்கள் தெளிந்தன. அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. மரமரப்பு அதனால் வருவது. அதை நோயென்று அஞ்சினால் மூச்சு இன்னும் விரையும். எனவே உடல் அசைந்து இறுக்கம் தளர்ந்த பின்பே, இந்த 4-6 கணக்கில் 5 மூச்சுகள்.

இதனால் மதிப்பெண் கூடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த 3 நிமிடங்களில் அவர் பார்ப்பது வேறொன்றை: எல்லோரும் எழும்போது யார் எழாமல் புத்தகத்திலேயே குனிந்திருக்கிறார்கள் என்பதை. அதட்டுவதில்லை. அதே பிள்ளை 3 நாள் தொடர்ந்து எழாவிட்டால் தனியே அழைத்து, உறங்கினாயா, சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார். தேவையானால் பெற்றோரிடம் பேசுகிறார். கரும்பலகையின் மூலையில் டெலி மானஸ் உதவி எண் 14416 அழிக்கப்படாமல் இருக்கிறது. குதிகால் உயர்த்துவதால் தீராதவையும் உண்டென்று அவருக்குத் தெரியும்.